கிட்னி நோயாளிகள் குழுவுக்கு ஆன்லைன் சர்வே அழைப்பு: இந்த மெசேஜை இப்படியே போடலாமா?

சுமதி_தங்கச்சிமடம்

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிட்னி நோயை வச்சுக்கிட்டு அன்றாட வாழ்க்கை எப்படி ஓடுதுங்கிறதுதான் ஆய்வு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரை ஊர்க்காரங்க இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு. நோயாளிகளும் வீட்டு ஆளுங்களும் சேர்ந்து நடத்துற குழு. அதுல கூகுள் பாரம் லிங்க் போடப் போறோம். காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்தாச்சு. கேள்வித்தாள்ல கிட்னி நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்குற கேடிக்யூஓஎல்-36 இருக்கு, மனச்சோர்வைப் பார்க்குற பிஎச்க்யூ-9 இருக்கு, நான் சேர்த்த சில கேள்வியும் இருக்கு.

அழைப்பு இதுதான். படிச்சுட்டு சொல்லுங்க.

> அனைவருக்கும் வணக்கம்! சிறுநீரக நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்தும் நோக்கில் இணையவழிக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பாதிக்கப்பட்ட அனைவரும் கீழுள்ள லிங்கில் தங்கள் விவரங்களைப் பதிவு செய்யவும். 5 நிமிடம் மட்டுமே! தங்கள் தகவல்கள் முற்றிலும் ரகசியமாகப் பாதுகாக்கப்படும். பங்கேற்பவர்களில் 10 பேருக்குக் குலுக்கல் முறையில் ₹500 ரீசார்ஜ். கடைசித் தேதி இம்மாதம் 30. அதிகம் பகிரவும்!

பாம்பன்_ஜெரால்டு

தங்கச்சி, நான் பாம்பன்தான். போட்டுக்குப் போய்க்கிட்டிருந்தவன், இப்ப டயாலிசிஸ்ல இருக்கேன். இதுல லிங்க் எதையும் காணோமே, பேரை எப்படிக் குடுக்கிறது? ஆதார், காப்பீட்டு அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஜெராக்ஸ் போட்டு கவர்ல வச்சிருக்கேன். டயாலிசிஸுக்குக் காசு இல்ல, முதலமைச்சர் காப்பீட்டுல போயிடுது. ராமநாதபுரம் போக வர பஸ்ஸு, கூட வர்ற ஆளுக்குச் சாப்பாடுன்னு ஆகுற செலவுதான் கட்டுப்படியாகல. அதுக்கு ஏதாச்சும் கிடைக்குமா?

சுமதி_தங்கச்சிமடம்

அண்ணே, இது உதவித்தொகைத் திட்டம் இல்ல. படிப்புக்காகச் செய்யுற ஆய்வு. கேள்விக்குப் பதில் சொல்றது மட்டும்தான். பணமோ பஸ் பாஸோ இதுல வராது.

தேவிபட்டினம்_ராகவன்

சுமதி, ஜெரால்டு எழுதினதை இன்னொரு தடவை படிங்க. உங்க மெசேஜ் எப்படிப் போய்ச் சேருதுங்கிறதுக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. "மேம்படுத்தும் நோக்கில்", "விவரங்களைப் பதிவு செய்யவும்", "பாதிக்கப்பட்ட அனைவரும்", "கடைசித் தேதி"ன்னு எழுதினா நம்ம ஊர்ல அது அரசாங்க அறிவிப்பு. புயல் நிவாரணத்துக்கு வர்ற மெசேஜும் இப்படித்தான் இருக்கும். ஏதோ கிடைக்கும்னு நம்பி ஒருத்தர் சம்மதம் கொடுத்தா அந்தச் சம்மதம் செல்லாது. கிடைக்கும்னு நினைக்கிறவர் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், அதனால பதிலும் கெடும். அவர்மேல தப்பே இல்ல, மனு எழுதுறபோது நாமளும் அப்படித்தானே எழுதுறோம்.

முதல் ரெண்டு வரிக்குள்ள மூணு விஷயம் வந்துடணும். நீங்க யாரு, இது ஆய்வு, இதனால உங்களுக்கு நேரடியா எந்தப் பலனும் இல்ல. மூணாவதை எழுத எல்லாரும் தயங்குவாங்க, ஆள் வராதுன்னு. மருத்துவ ஆய்வுகளுக்கான ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல் என்ன பலன், என்ன சிரமம்னு மறைக்காமச் சொல்லணும்னுதான் கேட்குது.

(மதுரையில பல வருஷம் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டரா இருந்தேன். அந்தப் பழக்கத்துல கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்குங்க.)

சாயல்குடி_முருகேசன்

மெசேஜ் நல்லாத்தான் இருக்கு. நாலு வரிக்கு மேல போனா எவனும் படிக்க மாட்டான். "ரகசியம்"னு போட்டதே போதும். கூகுள் பாரத்துல பேரே கேட்கலேன்னா யாருன்னு எப்படித் தெரியும்? ஆனா ஒண்ணு, ஜிமெயில் வச்சு உள்ள போகச் சொல்லாதீங்க. அது கேட்டாலே பேர், போன் நம்பர் எல்லாம் உங்க கையில வந்துடும்.

தேவிபட்டினம்_ராகவன்

முருகேசன் சார், பாதி சரி.

ஒரு ஆளுக்கு ஒரு பதில்தான்ங்கிற "Limit to 1 response" போட்டா கூகுள் லாகின் கேட்கும். கேட்டாலும் பாரம் வச்சிருக்கிறவருக்கு மெயில் முகவரி போகாது. முகவரி சேகரிக்கிறது தனி செட்டிங், அதை ஆஃப்ல வச்சிருக்கணும். நிரப்புறவர் திரையில மேல அவரோட மெயில் தெரியும், பக்கத்துல "Not shared"னு இருக்கும். ஆனா அந்த மெயிலைப் பார்த்த உடனே ஆள் பயந்து வெளியேறிடுவார், அதுல நீங்க சொல்றது சரி. இன்னொரு சிக்கல், ஒரே போன்ல ரெண்டு பேர் இருக்கிற வீடு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சர்க்கரையில கிட்னி போயிருக்கும், வீட்டுல ஜிமெயில் இருக்கிறது பையன் போன்ல மட்டும். ஒரு ஆள் நிரப்பிட்டா அடுத்த ஆளுக்குக் கதவு சாத்திடும். அதனால இந்தக் குழுவுக்கு அதை ஆஃப் பண்ணிட்டு, "ஏற்கெனவே நிரப்பினவர் மறுபடி நிரப்ப வேண்டாம்"னு ஒரு வரி போடுறது நல்லது. ரெண்டு தடவை வந்த பதில்களைப் பின்னால வயசு, ஊர்ப்பகுதி, சிகிச்சை, நேரம் எல்லாம் ஒத்துப்போகுதான்னு பார்த்து ஓரளவு பிரிக்கலாம்.

பேர் கேட்கலேன்னா யாருன்னு தெரியாதுங்கிறதுதான் தப்பு. சுமதி, உங்க பாரத்துல ஊர், வயசு, ஆணா பெண்ணா, தொழில், டயாலிசிஸ் எந்த வருஷம் ஆரம்பிச்சீங்கன்னு கேட்குறீங்களா?

சுமதி_தங்கச்சிமடம்

ஆமா சார், அஞ்சும் இருக்கு. ரத்த வகையும் இருக்கு, அது எங்க டிபார்ட்மென்ட் வழக்கமான முதல் பக்கம்.

தேவிபட்டினம்_ராகவன்

அப்ப பாருங்க. காரங்காடு, 34 வயசு, பெண், வலை பின்னுற வேலை, டயாலிசிஸ். அந்த ஊர்ல இப்படி ஒருத்தர் இருந்தா அவர் ஒருத்தர்தான் இருப்பார். பேர் எதுக்கு? அவர் தாம்பத்தியம் பத்தின கேள்விக்குச் சொன்ன பதிலும் அதே வரிசையில உட்கார்ந்திருக்கும். கேடிக்யூஓஎல்-36ல அந்தக் கேள்வி இருக்கு, தெரியும்தானே.

ஊர் பேர் வேண்டாம். தொண்டி - தேவிபட்டினம் பக்கம், மண்டபம் - ராமேஸ்வரம் பக்கம், கீழக்கரை - சாயல்குடி பக்கம்னு மூணு பட்டையா வச்சுக்குங்க. வயசு பத்துப் பத்தாக் கேளுங்க. ஆரம்பிச்ச வருஷத்துக்குப் பதிலா "ஒரு வருஷத்துக்குள்ள, 1 முதல் 5 வருஷம், அதுக்கு மேல". அதுக்கப்புறம்தான் மெசேஜ்ல "உங்களை அடையாளம் காட்டும் எதையும் கேட்கவில்லை"ன்னு எழுதுற தகுதி வரும். "முற்றிலும் ரகசியம்"னு யாரும் வாக்குக் குடுக்க முடியாது. பதில் எங்க இருக்கு, யார் பார்ப்பாங்க, எப்ப அழிப்பீங்க, இதைச் சொன்னாப் போதும்.

ரத்த வகை எதுக்குன்னு எனக்கும் புரியல.

நூர்_கீழக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அந்தக் குழுவோட அட்மின்கள்ல நானும் ஒருத்தி. வாப்பாவுக்காகச் சேர்ந்தேன், அவங்க மவுத்துக்கு அப்புறமும் விடாம நடத்திக்கிட்டிருக்கேன். சுமதி இங்க கேட்டது நல்லதாப் போச்சு.

ரத்த வகை வந்தா நான் லிங்கைப் போடவே விடமாட்டேன். காரணம் சொல்றேன். முன்னாடி ஒரு தடவை யாரோ "கிட்னி நோயாளிகள் விவரப் படிவம்"னு ஒரு லிங்க் போட்டாங்க. நிரப்பினவங்கள்ல சில பேருக்கு அடுத்த சில நாள்ல போன். "டோனர் ரெடியா இருக்கு, உங்க குரூப் என்ன, எவ்வளவு முடியும்?"னு ஒரு ஆள். ஒரு ராத்தா பயந்து சிம்மையே மாத்திட்டாங்க. 2025ல நாமக்கல் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்கள்கிட்ட புரோக்கருங்க கிட்னி வாங்கின விவகாரம் வெளிய வந்ததுலேருந்து எங்க குழுவுல ரத்த வகை, வருமானம், போன் நம்பர் மூணையும் சேர்த்து எவன் கேட்டாலும் சந்தேகம்தான். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி காசுக்கு உறுப்பு வாங்குறது குற்றம்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் புரோக்கர் இருக்கான்.

இன்னொண்ணு. "அதிகம் பகிரவும்" வேண்டவே வேண்டாம். எங்க குழுவுல பாதிக்குப் பாதி மகன், மகள், மருமகள். அவங்க குடும்பக் குழு, ஜமாஅத் குழு, பரீட்சைக் குழுன்னு தள்ளிவிட்டா யார் நிரப்புறான்னே தெரியாது. ₹500 வேற இருக்கு.

சாயல்குடி_முருகேசன்

₹500ஐ எடுக்கச் சொல்லாதீங்கம்மா. உடம்பு முடியாதவன் அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்றான். சும்மா வாங்கிட்டுப் போறதுதான் தப்பு. ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பட்டம், இவனுக்கு என்ன?

தேவிபட்டினம்_ராகவன்

குடுக்கக் கூடாதுன்னு நானும் சொல்லல. குலுக்கல்தான் இடிக்குது. திறந்த லிங்க்ல குலுக்கல் இருந்தா கிட்னி நல்லா இருக்கிறவன் நாலு தடவை நிரப்புவான். ஜெயிச்சவருக்கு அனுப்ப நம்பர் வேணும், நம்பர் வாங்கினா "அடையாளம் கேட்கவில்லை"ங்கிற வரி பொய்யாயிடும். குடுக்கணும்னா எல்லாருக்கும் ஒரே சின்னத் தொகை. நம்பரை வாங்க வேற பாரம், கடைசிப் பக்கத்துல அதோட லிங்க். ரெண்டையும் இணைக்கிற எதுவும் இருக்கக் கூடாது. அப்பவும் திறந்த லிங்க்ல போலி வரத்தான் செய்யும்.

சாயல்குடி_முருகேசன்

போலி வரும்னு நிஜமான நோயாளிக்கு இல்லேன்னு சொல்றீங்க. எனக்கு ஒப்பல. விடுங்க.

செல்வி_வாலிநோக்கம்

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். எங்க அம்மா உப்பளத்துல வேலை பார்த்தவங்க. 65 வயசு. கிரியாட்டினின் 1.4னு போன வருஷமும் வந்துச்சு, இப்பவும் அதேதான். கொஞ்சம் கூட இருக்கு, தண்ணி நல்லாக் குடிங்க, வலி மாத்திரை போடாதீங்கன்னு சொன்னாங்க. இது "பாதிக்கப்பட்டவங்க"ல வராதுதானே? குழுவுல இருக்கோம், ஆனா அங்க எல்லாரும் டயாலிசிஸ் பத்தியே பேசுறதால நான் வாயைத் திறக்கிறது இல்ல.

சாயல்குடி_முருகேசன்

1.4 எல்லாம் ஒண்ணுமே இல்ல தாயி. 5 தாண்டினா அஞ்சாம் ஸ்டேஜ், 4 தாண்டினா நாலாம் ஸ்டேஜ். உங்க அம்மாவுக்கு ஸ்டேஜ் ஒண்ணுதான், பயப்படாதீங்க.

தேவிபட்டினம்_ராகவன்

முருகேசன் சார், இது அப்படி இல்ல. ஸ்டேஜைக் கிரியாட்டினினை அப்படியே எடுத்துப் போடுறது கிடையாது. வயசும் ஆணா பெண்ணாங்கிறதும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற இஜிஎஃப்ஆர் எண்ணைப் பார்ப்பாங்க. 2021 சூத்திரத்துல போட்டா 65 வயசு அம்மாவுக்கு 1.4ங்கிறது 42 பக்கம் வருது. அது மூணாம் ஸ்டேஜோட பின்பாதி. அதே 1.4 ஒரு 30 வயசுப் பையனுக்கு இருந்தா 69 வரும். ஒரே ரிப்போர்ட் எண், ரெண்டு பேருக்கு ரெண்டு கதை. வலை இழுக்கிற, நல்லா சதை இருக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கே கொஞ்சம் குறைச்சுக் காட்டும்.

செல்வி, பயப்படச் சொல்லல. 42ல வருஷக் கணக்கா அப்படியே நிற்கிறவங்க நிறைய பேர் உண்டு. மூணு மாசத்துக்கு மேல இப்படி இருந்தா அது நாள்பட்டதுன்னுதான் கணக்கு, அம்மாவுக்கு ஒரு வருஷமாவே இருக்கு. அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப ரெண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுபோய், சிறுநீர்ல ஆல்புமின் பார்த்தாச்சான்னு கேளுங்க. சர்வேக்கு அம்மா கண்டிப்பா வரணும். நீங்க வராமப் போனா சுமதிக்குக் கிடைக்கிறது டயாலிசிஸ் வாழ்க்கை மட்டும்தான், அதுக்குக் "கிட்னி நோயோட வாழ்க்கை"ன்னு தலைப்பு வச்சுருவாங்க.

சுமதி, யார் நிரப்பலாம்ங்கிறதை மெசேஜ்லயே சொல்லணும். பாரத்துல "உங்கள் ஸ்டேஜ் என்ன"ன்னு கேட்டா பாதிப் பேர் ஊகத்துல ஒண்ணைத் தட்டுவாங்க. இப்ப என்ன சிகிச்சைன்னு கேளுங்க. மாத்திரை மட்டும், மெஷின் டயாலிசிஸ், வீட்டுலயே வயித்து வழி டயாலிசிஸ், மாற்றுக் கிட்னி. ஸ்டேஜ் கேள்வியில "தெரியாது"ங்கிறதும் ஒரு பதிலா இருக்கட்டும்.

பாம்பன்_ஜெரால்டு

காசு கிடைக்காதுன்னு தெரிஞ்சாச்சு, பரவாயில்ல. நான் பதில் சொல்றேன். ஆனா தங்கச்சி, எப்ப நிரப்பச் சொல்றே? டயாலிசிஸ் பெட்லயா?

எனக்கு டயாலிசிஸ் ஊசி குத்துற பிஸ்டுலா இடது கையில. அந்தக் கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது, அசைச்சா மெஷின் கத்தும். வலது கையில போனைப் பிடிச்சுக்கிட்டு அதே கை கட்டை விரலால தட்டணும். முதல் ஒரு மணி நேரம் தெளிவா இருப்பேன். மூணாவது மணி நேரத்துல பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். அப்ப நீ என்ன கேட்டாலும் முடிஞ்சாப் போதும்னு முதல்ல இருக்கிறதையே அமுத்திக்கிட்டு வருவேன். வீட்டுக்கு வந்த அன்னிக்குச் சாயங்காலம் தலையே தூக்க முடியாது. மறுநாள் காலையில கேட்டா ஒழுங்காச் சொல்லுவேன்.

பெட்ல இருக்கிறப்ப நர்ஸ் பொண்ணு "நான் நிரப்பித் தரேன்"னு வாங்கிக்கும், நல்ல பொண்ணு. அது பக்கத்துல நிக்கிறப்ப "இந்த இடத்துல உங்களை நல்லா நடத்துறாங்களா"ன்னு வந்தா நான் என்ன சொல்ல?

சுமதி_தங்கச்சிமடம்

அண்ணே, அந்தக் கேள்வி நான் சேர்த்ததுதான். யூனிட் பத்தி ரெண்டு கேள்வி இருக்கு. "டயாலிசிஸ் இல்லாத நாளில், வீட்டில் நிரப்பினால் நல்லது"ன்னு மெசேஜ்ல போட்டுடுறேன். "பதில் சொல்வதாலோ சொல்லாமல் விடுவதாலோ உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது, உங்கள் மருத்துவமனைக்குப் பதில்கள் போகாது"ன்னும் போடுறேன்.

எவ்வளவு நேரம்ங்கிறதையும் மாத்துறேன். என் தம்பி வேகமாத் தட்டி 5 நிமிஷத்துல முடிச்சான். எங்க அத்தை கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சுப் படிச்சுச் செஞ்சப்போ 20 நிமிஷம் தாண்டிருச்சு. 20 முதல் 25 நிமிடம்னு போடப்போறேன்.

நாலு வாரம் பத்தி ஒரு சந்தேகம். கேடிக்யூஓஎல் "கடந்த நான்கு வாரங்களில்"னு கேட்குது. நாங்க நினைச்சிருக்கிறது மே மாசம். அது மீன்பிடித் தடைக்காலம். பரவாயில்லையா?

பாம்பன்_ஜெரால்டு

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டு கரையில. அந்த 61 நாளும் வீட்டுல வருமானம் கிடையாது. கூட வர்ற மச்சானுக்குப் பஸ்ஸுக்குக் காசு இருக்காது, ஒரு டயாலிசிஸை விட்டுடுவோம். விட்டா தண்ணி ஏறும், ராத்திரி படுக்க முடியாது, உட்கார்ந்தே தூங்கணும். மேல வெயிலு, தாகம் வேற. மே மாசம் கேட்டா நான் சொல்றது ஒண்ணு, ஆகஸ்ட் மாசம் கேட்டாச் சொல்றது வேற.

நூர்_கீழக்கரை

எங்க பக்கம் நோன்பு மாசமும் அப்படித்தான். வேண்டாம்னு சொன்னாலும் சிலர் பிடிப்பாங்க. நாள் முழுக்கத் தண்ணி இல்ல, நோன்பு திறக்கிறப்ப பேரீச்சம்பழம், இளநீர். ரெண்டுலயும் பொட்டாசியம். டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து.

தேவிபட்டினம்_ராகவன்

மே மாசத்துல எடுக்கக் கூடாதுன்னு இல்ல. அதுவும் இந்தக் கடற்கரையோட நிஜம்தானே. ஆனா ஒரு தடவை மட்டும் எடுத்துட்டு "ராமநாதபுரம் கடற்கரையில் வாழ்க்கைத் தரம் இவ்வளவு"ன்னு எழுதினா அது தடைக்காலத்து எண். ரெண்டு வழி. ஜூலை பாதிக்கு மேல தள்ளுங்க, அப்ப கேட்கிற நாலு வாரமும் தொழில் நடக்கிற காலமா இருக்கும். இல்லேன்னா மே மாசமே எடுத்துட்டு, "உங்கள் வீட்டு வருமானம் மீன்பிடித் தொழிலை நம்பியதா", "கடந்த நாலு வாரத்தில் டயாலிசிஸ் விட்டுப்போனதா"ன்னு ரெண்டு கேள்வி சேருங்க. எனக்கு ரெண்டாவது பிடிக்கும். ஜெரால்டு சொன்ன அந்த மச்சான் பஸ் காசு எந்த நிலையான கேள்வித்தாள்லயும் வராது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலையா இருக்கிறது பிஎச்க்யூ-9. அதோட கடைசிக் கேள்வி என்னன்னு தெரியும்ல. செத்துப்போனாத் தேவலைன்னு தோணுச்சா, உடம்பைக் காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு கேட்கும். நேர்ல கேட்கிறப்ப எதிர்ல ஒரு ஆள் இருக்கார். ஆன்லைன்ல ராத்திரி 2 மணிக்கு ஒருத்தர் "கிட்டத்தட்ட தினமும்"னு தட்டிட்டு சப்மிட் போட்டா அதை எப்பப் பார்ப்பீங்க? பார்த்தாலும் யாருன்னு தெரியாது, நாமதான் அடையாளத்தை எல்லாம் எடுத்துட்டோமே.

சுமதி_தங்கச்சிமடம்

கமிட்டியில இதைப் பத்தி யாரும் கேட்கல சார். கைடுகிட்டப் பேசுறேன். அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துட்டு எட்டுக் கேள்வியா வைக்கலாமா? பிஎச்க்யூ-8னு ஒண்ணு இருக்குதே.

தேவிபட்டினம்_ராகவன்

இருக்கு, பலர் ஆன்லைன்ல அதைத்தான் வைக்கிறாங்க. ஆனா எடுத்துட்டா அந்த எண்ணம் இல்லாமப் போயிடாது, நமக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதான். வச்சிருந்தா, அந்தப் பக்கத்துலயே, என்ன பதில் சொன்னாலும் எல்லாருக்கும் தெரியுற மாதிரி மனநல உதவிக்கான டெலி மனஸ் 14416, அதோட 104 ரெண்டையும் போடுங்க. ரெண்டுமே தமிழ்ல பேசும். அழைப்பு மெசேஜ்லயும் "மனநிலை பற்றிய சில கேள்விகள் உண்டு, எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம்"னு முன்கூட்டியே சொல்லணும். பாரத்துல அந்தக் கேள்விகளுக்குக் கட்டாயம்ங்கிற சிவப்பு நட்சத்திரம் இருந்தா எடுத்துடுங்க. இல்லேன்னா "விட்டுவிடலாம்"னு நாம சொல்லுவோம், பாரம் விடாது.

வைக்கிறதா எடுக்கிறதாங்கிறதை உங்க கைடுதான் சொல்லணும். நானா இருந்தா உதவிக்கு ஆள் ஏற்பாடு இல்லாம வைக்க மாட்டேன்.

செல்வி_வாலிநோக்கம்

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் கேட்டு நிரப்பினா ஒத்துக்குவீங்களா? சில விஷயம் அவங்க என்கிட்டச் சொல்ல மாட்டாங்க.

நூர்_கீழக்கரை

இதுதான் எங்க குழுவுல பெரிய கேள்வி. நான் வாப்பாவுக்காக நிரப்பியிருந்தா எல்லாமே மோசம்னுதான் போட்டிருப்பேன். அவங்களைக் கேட்டா "எனக்கு என்ன குறை"ம்பாங்க.

தேவிபட்டினம்_ராகவன்

நூர் சொல்றதுதான் பொதுவா நடக்குது. வலி, மனசு மாதிரி வெளிய தெரியாத விஷயத்துல வீட்டு ஆள் நோயாளியை விடக் கஷ்டத்தைக் கூட்டிப் போடுவாங்க. படிச்சுக் காட்டி, அவங்க சொல்றதை அப்படியே தட்டுறது வேற. அவங்களுக்குப் பதிலா நாமளே யோசிச்சுத் தட்டுறது வேற. முதலாவதை அனுமதிக்கலாம், பாரத்துல "யார் நிரப்புகிறீர்கள்"னு ஒரு கேள்வியோட. ரெண்டாவது கூடாதுன்னு நான் சொல்வேன். ஆனா அப்படிச் சொன்னா ரொம்ப முடியாதவங்க பதிலே வராதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

சுமதி_தங்கச்சிமடம்

எல்லாத்தையும் வச்சு மறுபடி எழுதியிருக்கேன். கொஞ்சம் நீளம்தான். இதையே நான் பேசி வாய்ஸ் மெசேஜாவும் போடலாம்னு நினைக்கிறேன், படிக்க முடியாதவங்களுக்கு.

> வணக்கம். நான் எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கும் மாணவி. தங்கச்சிமடம் எனக்குச் சொந்த ஊர். என் படிப்புக்காக ஓர் ஆய்வு செய்கிறேன். இது அரசுத் திட்டம் இல்லை. இதில் பங்கேற்பதால் உதவித்தொகையோ வேறு பலனோ கிடைக்காது.
>
> கிட்னி நோய் இருப்பதாக டாக்டர் சொன்ன, 18 வயது நிரம்பிய, நம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் வசிக்கும் யாரும் பதில் சொல்லலாம். டயாலிசிஸ் இல்லாமல் மாத்திரையில் மட்டும் இருப்பவர்கள், மாற்றுக் கிட்னி வைத்தவர்களும் சேர்த்தி. படிக்க முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் படித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலை மட்டும் அழுத்தவும்.
>
> உடல் வலி, தூக்கம், சாப்பாடு, தண்ணீர்க் கட்டுப்பாடு, வேலை, குடும்பம், மனநிலை பற்றிக் கேள்விகள் இருக்கும். 20 முதல் 25 நிமிடம் ஆகும். டயாலிசிஸ் இல்லாத நாளில் நிரப்பினால் நல்லது. பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பாதியில் நிறுத்தலாம். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்கள் சிகிச்சையில் மாற்றம் வராது.
>
> பெயர், போன் நம்பர், ஆதார், ரத்த வகை, ஓடிபி எதையும் கேட்க மாட்டோம். யாராவது என் பெயரைச் சொல்லிப் போனில் கேட்டால் கொடுக்காதீர்கள், அட்மினிடம் சொல்லுங்கள். பதில்களை நானும் என் வழிகாட்டி ஆசிரியரும் மட்டும் பார்ப்போம். உங்கள் மருத்துவமனைக்குப் போகாது. பெயர் இல்லாததால், சப்மிட் செய்த பிறகு உங்கள் பதிலை மட்டும் தேடி எடுத்து நீக்க முடியாது.
>
> எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண், கல்லூரியின் பெயர், ஆசிரியரின் தொடர்பு எண் ஆகியவை லிங்கின் முதல் பக்கத்தில் உள்ளன.
>
> உங்கள் நோய் விவரத்தைக் குழுவில் எழுத வேண்டாம். சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் செய்யுங்கள். லிங்கை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம்.

நூர்_கீழக்கரை

இதைப் போட எனக்குச் சம்மதம். நானே போடுறேன், உன் நம்பர்ல இருந்து வந்தா யாரோன்னு நினைப்பாங்க. ஆனா அட்மின் போட்டா கட்டாயம்னு நினைக்கிறவங்களும் உண்டு, அதனால மேல "விருப்பம் இருந்தால் மட்டும்"னு ஒரு வரி சேர்த்துடுறேன். நினைவூட்டல் ஒரே ஒரு தடவை. தினமும் போட்டா ஆள் குழுவை விட்டே போயிடுவாங்க.

தேவிபட்டினம்_ராகவன்

சேர்க்கிற அந்த ஒரு வரி உட்பட எல்லாமே கமிட்டிக்குத் திரும்பப் போகணும். அனுமதி வாங்கினது பழைய மெசேஜுக்கும் பழைய பாரத்துக்கும். அழைப்பு, வாய்ஸ் மெசேஜ்ல பேசப்போற வாசகம், நினைவூட்டல், மாத்தின கேள்விகள், குலுக்கலை எடுத்தது எல்லாத்தையும் திருத்தமா எழுதிக் குடுத்து, ஒப்புதல் வந்தப்புறம்தான் போடணும். சின்ன மாற்றம்னா முழுக் கூட்டத்துக்குப் போகாம விரைவாவே பார்ப்பாங்க. போடுறப்ப அன்னிக்குக் குழுவுல எத்தனை பேர், அதுல நோயாளிகள் ஏறக்குறைய எத்தனைன்னு நூர்கிட்டக் கேட்டுக் குறிச்சு வச்சுக்குங்க. அது இல்லாம எத்தனை சதவீதம் பேர் பதில் சொன்னாங்கன்னு பின்னால யாராலும் சொல்ல முடியாது.

சாயல்குடி_முருகேசன்

ரெண்டாவது மெசேஜ் நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ரீசார்ஜ் விஷயத்துல என் கருத்து அதேதான். எல்லாருக்கும் ₹100ன்னு கமிட்டிகிட்டக் கேட்டுப் பாரும்மா, குடுக்கிறதா மறுக்கிறதான்னு அவங்களே சொல்லட்டும்.

சுமதி_தங்கச்சிமடம்

கேட்குறேன் சார், கைடு பணம் எங்கேருந்துன்னு கேட்பாங்க. திருத்தத்தைத் திங்கள்கிழமை குடுக்கிறேன். ஒப்புதல் வர எப்படியும் மே தாண்டிடும்னு தோணுது, அதனால ஜூலை பாதிக்கு மேலன்னே வச்சுக்கிறேன். டயாலிசிஸ் விட்டுப்போனதா, ஏன் விட்டுப்போச்சுங்கிற கேள்வியை அப்பவும் எடுக்க மாட்டேன். ஜெரால்டு அண்ணே, அந்தக் கேள்விக்குப் பதில் வரிசையில "கூட வர ஆள் இல்லை", "பஸ் செலவு", "உடம்பு முடியவில்லை"ன்னு மூணு வச்சிருக்கேன். வேற என்ன காரணம் வரும்?

பாம்பன்_ஜெரால்டு

காத்து அடிச்சா பாம்பன்ல ரயிலை நிறுத்திடுவாங்க. பஸ்ல எப்படியோ தொத்திக்கிட்டுப் போனாலும் நம்ம ஷிப்ட் முடிஞ்சிருக்கும். திருவிழா, கட்சிக் கூட்டம்னா ரோட்டை மறிச்சிருவாங்க. ஊசி குத்துற இடம் வீங்கி நாளைக்கு வான்னு அனுப்புறதும் உண்டு. அப்புறம், சும்மாவே ஒருநாள் போகப் பிடிக்காது. அதையும் வை.